கட்டத்த படிக்கிறதும் வீட்ட எண்ணுறதும்

சார், அம்மாவோட பழைய ஜாதகத்த போன்ல போட்டோ எடுத்து வச்சிருக்கேன். அதுல இருந்து கிரகங்கள வீடு வாரியா லிஸ்ட் போடணும். எழுத்த படிக்கிற ஆப்ல போட்டா எல்லாம் கலந்து கொட்டுது, அதனால கையாலயே எழுதிட்டேன். ஆவணி மாசம், ரோகிணி, பகல் 12.30, விருச்சிக லக்னம். 2ல செவ்வாய் கேது, 4ல சூரியன் புதன் சுக்கிரன், 5ல குரு, 7ல சந்திரன், 8ல ராகு, 9ல சனி. ஆனா ஓரத்துல பழைய பேனா எழுத்துல "ஏழில் சந்திரன், பத்தில் மூவர்"னு இருக்கு. ஏழு சரியா வருது, பத்துல எனக்கு யாருமே இல்ல. எழுதினவர் தப்பா எழுதிட்டாரா? நல்ல ஆப் இருந்தா சொல்லுங்க. சில கிரகம் பக்கத்துல (வ)ன்னு இருக்கே, அது என்ன? வட இந்திய கட்டத்துக்கும் இதே முறைதானா?

தம்பி,

(வ)ன்னா வக்கிரம், கிரகம் பின்னோக்கி போற மாதிரி தெரியுற காலம். அத அப்படியே அடைப்புக்குறியோட எழுதிக்குங்க, அதுக்கு மேல இப்ப வேண்டாம். வட இந்திய கட்டம் வேற சமாச்சாரம், அங்க வீடு நிலையா நிக்கும், உள்ள போட்டிருக்கிற எண்ணுதான் ராசி, போற திசையும் இடப்பக்கமா, ரெண்டையும் இப்பவே போட்டு குழப்பிக்காதீங்க.

ஓரத்துல எழுதினவர் மேல எடுத்த எடுப்புலயே சந்தேகப்பட்டீங்க பாருங்க, அங்கதான் எனக்கு கோவம் வந்துச்சு. அவர் சரியாத்தான் எழுதியிருக்கார். உங்க லிஸ்ட்லயே அதுக்கு ஆதாரம் இருக்கு.

நம்ம கட்டத்துல ராசிக்கு இடம் மாறாது. மேல் வரிசை இடமிருந்து வலமா மீனம், மேஷம், ரிஷபம், மிதுனம். அப்புறம் வலது ஓரமா கீழ இறங்கினா கடகம், சிம்மம், மூலைல கன்னி. கீழ் வரிசைலதான் வம்பு, அது வலமிருந்து இடமா ஓடும்: கன்னி, துலாம், விருச்சிகம், தனுசு. அப்புறம் இடது ஓரமா மேல ஏறினா மகரம், கும்பம், திரும்ப மீனம். உங்க அம்மா லக்னம் விருச்சிகம், அதாவது கீழ் வரிசை. "ல" போட்ட கட்டத்துல விரல வச்சீங்க, நாம படிக்கிற பழக்கத்துல கண்ணு வலது பக்கம் போச்சு, துலாத்த ரெண்டாம் வீடுன்னு எண்ணிட்டீங்க. இடது பக்கம் இருக்கிற தனுசுதான் ரெண்டு. லக்னம் மேல் வரிசைல இருந்திருந்தா இந்த தப்பே வந்திருக்காது, ஏன்னா அங்க படிக்கிற திசையும் எண்ணுற திசையும் ஒண்ணு.

ஏழு மட்டும் ஏன் சரியா வந்துச்சு? லக்னத்துல இருந்து எந்த பக்கம் சுத்தினாலும் ஏழாவது கட்டம் நேர் எதிர்லதான் இருக்கும். மத்த வீடெல்லாம் கண்ணாடில பாத்த மாதிரி புரண்டுடும், உங்க எண்ண 14ல இருந்து கழிச்சா நிஜ எண் வந்துடும். 4 போட்டீங்க, அது 10. மூவர் அங்கதான் இருக்காங்க. 5ங்கிறது 9, 8ங்கிறது 6, 9ங்கிறது 5, 2ங்கிறது 12. பத்துல யாரும் இல்லன்னு அம்மாகிட்ட போய் சொல்லிடலியே?

இத நான் ரொம்ப நாளாவே சொல்லணும்னு இருந்தேன், உங்க கடிதம் சாக்கா கெடச்சுது. போட்டோவ பாத்து நேரா வீட்டு எண் எழுதாதீங்க. எழுதவே எழுதாதீங்க. முதல்ல ராசி வாரியா எழுதுங்க, வீடு அப்புறம். ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, வீட்டு லிஸ்ட்ட சோதிக்கிறது கஷ்டம். ராகுவும் கேதுவும் எதிர் எதிரா இருக்கான்னு எல்லாரும் பாப்பாங்க, உங்க தப்பு லிஸ்ட்லயும் 8, 2ன்னு எதிர் எதிராத்தான் இருக்கு. புதன் சூரியன விட்டு 28 பாகைக்கு மேல விலகாது, அதனால ராசி கட்டத்துல ஒண்ணு கூடவே இருக்கும், இல்ல பக்கத்து கட்டத்துல இருக்கும், அதுவும் உங்க லிஸ்ட்ல தேறிடும். புரட்டிப் போட்டாலும் இடைவெளி மாறாதே! ராசி லிஸ்ட் அப்படி ஏமாத்தாது. ஆவணின்னா சூரியன் சிம்மம், ரோகிணின்னா சந்திரன் ரிஷபம், ரெண்டுமே ஜாதகத்துலயே எழுதியிருக்கு. சூரியன் உதிக்கிறப்ப சூரியன் நிக்கிற ராசிதான் லக்னம், ஒரு லக்னம் ஏறக்குறைய 2 மணி நேரம், அப்ப பகல் 12.30க்கு சிம்மத்துல இருந்து நாலாவதா விருச்சிகம் வரணும், வருது.

எங்க பெரியப்பா பழைய ஜாதகங்கள நோட்டுல பிரதி எடுத்து வைப்பார். நான் வாசிக்கணும், அவர் எழுதுவார். மேஷத்துல ஆரம்பிச்சு மீனம் வரைக்கும் பன்னெண்டு தடவ வாய தெறக்கணும், ஒண்ணுமில்லாத கட்டத்துக்கும் "மிதுனம், காலி"ன்னு சொல்லியே ஆகணும். சொல்லாம தாண்டினா பேனாவ கீழ வச்சுட்டு என்னையே பாப்பார், திட்ட மாட்டார், அந்த பார்வைக்கு திட்டே தேவலன்னு இருக்கும். கடைசில கிரகத்த எண்ண சொல்லுவார், ஒன்பதும் லக்னமும் சேத்து பத்து வரணும், மாந்தி போட்டிருந்தா பதினொண்ணு.

அந்த "காலி"யத்தான் உங்க ஆப் முழுங்குது. அது கட்டத்த பாக்குறதில்ல, வரி வரியா எழுத்த பொறுக்குது. உங்க கீழ் வரிசைல தனுசு காலி, விருச்சிகத்துல ல, துலாத்துல செவ் கே, கன்னி காலி. ஆப் தர்றது "ல செவ் கே", அவ்வளவுதான், எது எந்த கட்டம்னு யாரு சொல்றது? பக்கத்துல அம்ச கட்டம் இருந்தா அதோட கீழ் வரிசையும் அதே வரில ஒட்டிக்கும். அதனால ராசி கட்டத்த மட்டும் வெட்டி எடுத்து, அதையும் கட்டம் கட்டமா வெட்டி படிக்க விடணும், இல்லன்னா கண்ணே போதும், பன்னெண்டு கட்டம்தானே! நடுவுல ராசி, அம்சம்னு எழுதினது கிழிஞ்சு போயிருந்தா புதன பாருங்க, சூரியன விட்டு நாலஞ்சு கட்டம் தள்ளி இருந்தா அது அம்சம்.

உங்க கடிதத்த வச்சு ராசி வாரியா நானே போடுறேன்: மேஷம் ராகு, ரிஷபம் சந்திரன், மிதுனம் காலி, கடகம் குரு, சிம்மம் சூரியன் புதன் சுக்கிரன், கன்னி காலி, துலாம் செவ்வாய் கேது, விருச்சிகம் லக்னம், தனுசு மகரம் கும்பம் மூணும் காலி, மீனம் சனி. எண்ணினா பத்து. இனிமே வீடு எண்ண விரலே வேண்டாம். மேஷம் 1, மீனம் 12ன்னு எண் கொடுத்து, எக்செல்ல B1ல லக்ன ராசியோட எண், B2ல இருந்து ஒவ்வொரு கிரகம் நிக்கிற ராசியோட எண்:

```
=MOD(B2-$B$1,12)+1
```

விருச்சிகம் 8, சிம்மம் 5, கழிச்சா −3, அது 9 ஆகும், ஒண்ண கூட்டினா 10.

சிம்ம கட்டத்த மட்டும் போட்டோவ பெருசாக்கி இன்னொரு தடவ பாருங்க. மூணு கிரகம் நெருக்கியிருக்கிற எடம், கையெழுத்துல சூவுக்கும் சுவுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். பழைய ஜாதகத்துல சூரியனுக்கு "ரவி"ன்னும் செவ்வாய்க்கு "குஜ"ன்னும் போடுவாங்க, அத ராகுன்னும் குருன்னும் படிச்சவங்க நெறைய பேர். அப்படி படிச்சா ஒரு கிரகம் ரெண்டு தடவ வரும், இன்னொண்ணு காணாம போகும்.