20ஆம் தேதி வரை என்றால் எந்த 20, எத்தனை மணி?

கேள்வி: புதுச்சேரி முதலியார்பேட்டையில் சிறிய பேக்கரி வைத்திருக்கிறேன். போன கிறிஸ்துமஸுக்கு இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் இப்படிப் போட்டேன்: "பிளம் கேக் 15% தள்ளுபடி! ரூ.700 முதல். 20 வரை மட்டும், இரவு 12 மணி வரை ஆர்டர்." கடையில் ஒரே வாக்குவாதம். இந்த வருடம் எப்படி எழுதினால் யாரும் தப்பாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள்?

பதில்: அந்த வரியில் இருக்கும் 20 மூன்று வேலை பார்க்கிறது. ஆர்டர் கொடுக்கக் கடைசி நாளா, கேக் வாங்கிப்போகக் கடைசி நாளா, தள்ளுபடி முடியும் நாளா என்று வாசிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அவரவருக்குச் சாதகமானதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்திலேயே அன்று என்ன நடக்கும் என்பதை எழுதுங்கள்: "ஆர்டர் கொடுக்கக் கடைசி நாள்", "கேக் வாங்கிக்கொள்ளும் நாள்".

தேதியை 20/12 என்று எண்ணிலேயே முடிக்காதீர்கள். 20க்குக் குழப்பம் வராது. ஆனால் 5/12 என்று போட்டால் அமெரிக்கப் பழக்கம் உள்ளவர் மே 12 என்றே படிப்பார். வெளிநாட்டார் வந்துபோகும் ஊர் நம்முடையது. மாதத்தை எழுத்தில் எழுதி, கிழமையும் ஆண்டும் சேருங்கள்: 2026 டிசம்பர் 20, ஞாயிறு. ஆண்டு இல்லாத பழைய பதிவு அடுத்த டிசம்பரிலும் யாராவது பகிர்ந்து திரும்பி வரும். கிழமையைக் காலண்டர் பார்த்தே போடுங்கள். தேதியும் கிழமையும் பொருந்தாவிட்டால் பாதிப் பேர் தேதியை நம்புவார்கள், பாதிப் பேர் கிழமையை. "நாளை", "இந்த ஞாயிறு" போன்றவை வேண்டாம். நீங்கள் போட்ட நாளிலேயே எல்லோரும் பார்ப்பதில்லை.

இரவு 12 மணிதான் பெரிய வம்பு. 20ஆம் தேதி தொடங்கும் 12ஆ, முடியும் 12ஆ? ஒருவருக்கும் இன்னொருவருக்கும் ஒரு முழு நாள் வித்தியாசம் வந்துவிடுகிறது. கடையில் போன் எடுக்க ஆள் இருக்கும் கடைசி நேரத்தை வையுங்கள். இரவு 9 மணி சரியாக இருக்கும். முன்பணம் வந்தால்தான் ஆர்டர் என்பது உங்கள் வழக்கமானால் அதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் 8.55க்கு "ஒரு கிலோ வேணும்" என்று செய்தி மட்டும் அனுப்பியவர் மறுநாள் தள்ளுபடி விலை கேட்பார். மதியம் கடை அடைப்பவரானால் வாங்கிக்கொள்ளும் நேரத்தை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். "காலை 10 முதல் இரவு 8 வரை" என்று போட்டால் 2 மணிக்கு ஒருவர் பூட்டிய கதவு முன் நிற்பார்.

விலையில், 700 என்பது தள்ளுபடிக்கு முன்பா பின்பா, அரைக் கிலோவுக்கா ஒரு கிலோவுக்கா என்று தெரியவில்லை. கணக்கை வாடிக்கையாளரிடம் விடாதீர்கள்; அவர் கையிலிருந்து தரவேண்டிய தொகையை எழுதுங்கள். ஒரு கிலோ 700 என்றால் 15% போக 595. அரைக் கிலோ 350 என்றால் 297.50 வரும். அதை 300 ஆக்கினால் அறிவித்த 15% கிடைக்கவில்லை என்று ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டுவார், அவர் சொல்வதும் சரி. 297 என்று கீழே இறக்குங்கள். எடை பெட்டி நீங்கலாகவா, வரி சேர்ந்ததா, வீட்டுக்குக் கொண்டுவந்து தரத் தனிக் கட்டணமா என்பதும் விலையோடு ஒட்டியே இருக்கட்டும்.

எல்லாம் சேர்த்தால் இப்படி வரும்:

பிளம் கேக்: 1 கிலோ ரூ.595 (வழக்கமான விலை ரூ.700), அரைக் கிலோ ரூ.297 (வழக்கமான விலை ரூ.350).
ஆர்டர் கொடுக்கக் கடைசி: 2026 டிசம்பர் 20, ஞாயிறு இரவு 9 மணி. ரூ.200 முன்பணம் வந்த பிறகே ஆர்டர் உறுதி.
கேக் வாங்கிக்கொள்ள: டிசம்பர் 23 புதன், 24 வியாழன். இரு நாளும் காலை 10 முதல் மதியம் 1 வரை, மாலை 4 முதல் இரவு 8 வரை.
விலையில் வரி சேர்ந்தது. எடை பெட்டி நீங்கலாக. டெலிவரி கிடையாது.

இன்ஸ்டாகிராம் நீளமான கேப்ஷனின் தொடக்கத்தை மட்டும் காட்டி மீதியை மறைத்துவிடும். அதனால் வாழ்த்தும் ஹேஷ்டேகும் அடியில் போகட்டும். விலையும் கடைசித் தேதியும் மேலே வரட்டும். வாட்ஸ்அப்பில் படத்தை மட்டும் பகிர்பவர்கள் உண்டு என்பதால் அந்த இரண்டும் படத்திலும் இருக்க வேண்டும், எழுத்துக்கு எழுத்து கேப்ஷனில் உள்ளபடியே.

போடுவதற்கு முன் கடைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் காட்டி, "அரைக் கிலோ வேணும்னா எவ்வளவு தரணும், எப்போதுக்குள்ள சொல்லணும், எப்போ வரணும்?" என்று கேளுங்கள். அவர் எந்த இடத்தில் தயங்குகிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள். 20ஆம் தேதி இரவு 9 ஆனதும் இன்ஸ்டாகிராம் கேப்ஷனைத் திறந்து முதல் வரியில் "ஆர்டர் முடிந்தது" என்று சேர்த்துவிடுங்கள்.