மழையில் மாட்டிக்கொண்ட ராணி

அன்புள்ள ஐயா,
ராணித் தேனீ வாழ்வில் ஒரே ஒருமுறை கூடிவிட்டு ஆண்டுக்கணக்கில் முட்டையிடுகிறதாம். அந்த விந்து எப்படிக் கெடாமல் இருக்கிறது? முதல் மழைக்குப் புறப்படும் ஈசலும் இப்படித்தானா? ஒரு பூச்சி நமக்குக் கற்பைக் கற்றுத்தருகிறது என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன்.
– ஒரு வாசகர், திருவையாறு

அன்புள்ள தம்பி,

ஈசல் கறையானின் சாதி. அங்கே ராஜாவும் புற்றுக்குள்ளேயே இருந்து ராணியோடு திரும்பத் திரும்பக் கூடுகிறது. சேமிப்பை நம்பி ஆண்டுகளை ஓட்ட வேண்டிய தேவை அதற்கு இல்லை. எறும்பு ராணிதான் தேனீயைப் போல. ஐரோப்பியக் கறுப்புத் தோட்ட எறும்பின் ராணி ஒன்று ஆய்வகத்தில் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. சரி, ஈசலை விடுங்கள்.

கற்புக்கு வருகிறேன். பறந்துபோன ராணி ஒரு ஆணோடா கூடுகிறாள்? ஐரோப்பியத் தேனீயில் பத்து இருபது ஆண்களோடு, வானத்தில். கூடிய ஒவ்வொரு ஆணும் அங்கேயே செத்து விழுகிறது. இதை வைத்து உங்கள் வீட்டுப் பெண்களுக்கு உபதேசம் செய்யப் போகிறீர்களா? பூச்சியைப் பூச்சியாகப் பாருங்கள் தம்பி.

அந்த ஆண்கள் தரும் விந்தணுக்களில் பெரும்பகுதி வெளியேறிவிடும். ஐம்பது லட்சம் போலத்தான் விந்துப்பையில் தங்கும். பை கேழ்வரகு மணியைவிடச் சிறியது. மேலே வெள்ளி வலை போல மூச்சுக்குழல்கள் பின்னியிருக்கும். பக்கத்துச் சுரப்பியின் நீரில் விந்தணுக்கள் ஏறக்குறைய அசையாமல் கிடக்கும். அந்த நீரிலும் பையிலும் உள்ள நொதிகள் அவை சிதையாமல் காக்கும். நம் விதைநெல்லைக் கோட்டை கட்டி வைத்தாலும் அடுத்த பட்டம் தாண்டினால் முளைப்பு குறைகிறது. இவள் மூன்று நான்கு வருஷம் வைத்துக்கொள்கிறாள். செலவும் சிக்கனம்: ஒரு முட்டைக்கு இரண்டு விந்தணு போலத்தான் விடுகிறாள்.

முட்டையிடுமுன் முன்னங்காலால் தேனடை அறையின் அளவைப் பார்ப்பாள். சிறிய அறை என்றால் விந்து விட்டு இடுவாள், அது பெண். பெரிய அறையில் விந்து விடாமல் இடுவாள். அதுவும் பொரிக்கும், ஆணாக. ஆண் ஈக்கு அப்பன் கிடையாது, தாய்வழித் தாத்தா மட்டும் உண்டு.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. தென்னந்தோப்பில் ஒரு தேன்பெட்டி வைத்திருந்தேன். ஓர் ஐப்பசித் தொடக்கத்தில் பழைய ராணி செத்துப்போனது. வேலைக்கார ஈக்கள் உடனே புது ராணிக்கு அறை கட்டின. அது வெளியே வந்த நாளிலிருந்து அடைமழை. வடவாறு கரை தொட்டு ஓடியது. வெயில் இல்லாமல் ராணி பறக்க மாட்டாள். மூன்று நான்கு வாரம் தாண்டினால் கூடும் பக்குவமே போய்விடும். நான் ஒன்றும் அறியாமல் பெட்டிக்கு மேல் தார்ப்பாய் கட்டிவிட்டுப் பெருமையாக இருந்தேன்.

மார்கழியில் பெட்டிக்குள் அடை கட்டியிருந்த மரச்சட்டத்தைத் தூக்கிப் பார்த்தேன். வேலைக்கார ஈயின் அறைகள் தட்டையாக மூடியிருக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு மூடியும் துப்பாக்கிக் குண்டு போலப் புடைத்திருந்தது. சிறிய அறையில் ஆண் புழு வளர இடம் போதாமல் மூடியைத் தூக்கிவிட்டிருந்தது. பெட்டிகள் வளர்க்கும் பெரியவர் ஒருவர் வந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "அறைக்கு ஒரே முட்டை, அதுவும் அடியில. ராணி இருக்கா. ஒரு அறையில ரெண்டு மூணு, செவுத்துல ஒட்டிக்கிட்டு இருந்தா வேலைக்கார ஈ இடுதுன்னு அர்த்தம். அதுக்கு வயிறு குட்டை, அடி எட்டாது."

"அப்ப இவ மலடியா?" என்று கேட்டேன். இப்போதும் நாக்கு கூசுகிறது. எங்கள் அத்தையை ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. பெரியவர் முறைத்தார். "முட்டை இட்டுக்கிட்டுத்தானே இருக்கா? பொழப்புக்கு மழை விடல, அவ என்ன பண்ணுவா?"

முட்டையிடத் தொடங்கிய ராணி அதற்குமேல் கூடுவதற்குப் பறக்காது. விந்து இல்லாமல் இனி இடுவதெல்லாம் ஆண்தான். ஐப்பசியிலேயே வேறு பெட்டியிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள ஒரு சட்டத்தை வைத்திருந்தாலும் புது ராணி அதே மழையில்தான் மாட்டியிருக்கும். செய்யக்கூடியது ஒன்றுதான்: ராணியை எடுத்துவிட்டு, மிச்ச ஈக்களை நல்ல ராணி உள்ள பெட்டியோடு சேர்ப்பது. அதையும் கார்த்திகையில் செய்திருக்க வேண்டும். நான் பார்க்கும்போது வேலைக்கார ஈ ஒரு கைப்பிடி. மற்றதெல்லாம் கொழுத்த ஆண்கள். தேன் சேர்க்கத் தெரியாது, இருந்த தேனைத் தின்றுகொண்டிருந்தன.

பொங்கலன்று பெட்டியைத் திறந்தபோது ராணி அடையின் மேல் நடந்துகொண்டிருந்தாள். முன்னங்காலை ஓர் அறைக்குள் விட்டு அளவு பார்த்தாள். பிறகு திரும்பி வயிற்றை உள்ளே இறக்கினாள்.