சுருளை எண்ணுங்கள்: பட்டை பற்றிய சில கேள்விகள்

மெல்லிசாக இருந்தால் அசல், தடியாக இருந்தால் போலி. சரிதானே?

பாதி சரி. முதலில், நீங்கள் போலி என்று சொல்லும் தடிப் பட்டையான காசியா போலி இல்லை. மெல்லிய இலங்கைப் பட்டையான கறுவாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். அதைக் கறுவா என்று சொல்லி விற்றால்தான் ஏமாற்று.

தடிமனை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். இந்தோனேசியக் காசியாவில் மெலிசாக, அழகாகச் சுருண்டு வருவதும் உண்டு. அதனால் குச்சியின் முனையைத் திருப்பிப் பாருங்கள். காசியா ஒரே பட்டை; இரண்டு ஓரமும் உள்நோக்கிச் சுருண்டு, நடுவே வெற்றிடம் இருக்கும். இலங்கைக் கறுவாவில் மேல்தோலைச் சுரண்டிவிட்டு, உள்பட்டையைக் காகிதம் போல உரித்து, ஒன்றுக்குள் ஒன்றாகத் திணித்து உருட்டுவார்கள். முனையில் பல அடுக்குகள் தெரியும், சுருட்டின் வெட்டு முனை மாதிரி.

அப்புறம் விரலால் நசுக்குங்கள். கறுவா பொலபொலவென உதிரும். காசியாவுக்கு அம்மிக்கல் வேண்டும்.

தண்ணீரில் போட்டால் அசல் மிதக்கும் என்று படித்தேன். செய்து பார்த்தேன், இரண்டுமே மிதந்தன!

உங்கள் கண்ணை நம்புங்கள், படித்ததை விடுங்கள். உள்ளே காற்று இருக்கும் எந்தச் சுருளும் மிதக்கும்.

பொடியாக வாங்கிவிட்டேன். இப்போது எப்படிக் கண்டுபிடிப்பது?

அரைத் தேக்கரண்டிப் பொடியில் நாலைந்து தேக்கரண்டி வெந்நீர் விட்டுக் கலக்கி, கால்மணி நேரம் விடுங்கள். காசியா என்றால் வெண்டைக்காய் போல வழவழப்பு வரும், அதில் உள்ள பசைத்தன்மையால். கறுவாவில் அது குறைவு. ஆனால் இரண்டையும் கலந்து அரைத்திருந்தால் இந்தச் சோதனை கைவிட்டுவிடும். முழுச் சுருள் வாங்கி வீட்டில் அரைப்பதுதான் நிச்சயமான வழி.

விலை கொடுத்து இலங்கைக் கறுவா வாங்கி ஒரு கிலோ அரிசிக்கு பிரியாணி செய்தேன். மணமே இல்லை, சோறு முழுக்கச் சிம்பு சிம்பாகப் பட்டைத் துண்டு. பட்டை பழசா?

பழசாக இருக்காது, அதற்குக் கொடுத்த வேலைதான் தவறு. கறுவாவின் மணம் மென்மையானது; கொஞ்சம் கிராம்பு வாடை, கொஞ்சம் பழத்தின் இனிப்பு. இஞ்சி, பூண்டு, மிளகாய், கிராம்பு எல்லாம் சேர்ந்து கத்தும்போது அதன் குரல் எடுபடாது. மெல்லிய அடுக்குகள் கிளறலிலும் தம்மிலும் பிரிந்துபோகும். அந்தச் சிம்புகள்தான் பல்லில் சிக்கியவை.

காசியாவின் மணத்தில் பெரும்பங்கு சின்னமால்டிஹைடு என்ற ஒரே பொருள். காரமான, நேரடியான மணம். கட்டை மாதிரி இருப்பதால் அதை மெல்ல மெல்ல விடும். ஒரு கிலோ அரிசிக்கு இரண்டு அங்குலத் துண்டு மூன்று போதும். எண்ணெய் மிதமாகச் சூடானதும் போட்டு, மணம் எழும்பியதும் வெங்காயத்தைக் கொட்டுங்கள். கருகவிட்டால் கசப்பு ஏறிவிடும். அப்புறம் எதைப் போட்டும் எடுக்க முடியாது.

எங்கள் வீட்டில் பிரியாணிக்குக் கறுவாதான். நன்றாகவே வருகிறது. நீங்கள் சொல்வது ஒப்புக்கொள்ளும்படி இல்லை.

மசாலா குறைவாகப் போடும் வெள்ளைப் பிரியாணியா? அப்படியென்றால் உங்கள் பக்கமும் நியாயம் உண்டு. காரம் அதிகமானதில் எனக்கு அது வீண்செலவுதான். இது நாக்கைப் பொறுத்தது, விட்டுவிடுவோம்.

பாயசத்தில் பட்டை போட்டேன், தொண்டையில் கார்ந்தது. ஏலக்காயே போதும் போல?

காசியா போட்டிருப்பீர்கள். பாலும் சர்க்கரையும் எதையும் மறைக்காது. காசியாவின் காரமும் துவர்ப்பும் அப்படியே மேலே வரும். பொடியாகக் கொதிக்கவிட்டால் வழவழப்பும் கூடும். கறுவாவின் இடம் இதுதான். ஒரு லிட்டர் பாலுக்கு இரண்டு அங்குலச் சுருள் ஒன்று. பால் கொதித்ததும் அடுப்பை அணைத்து, அதில் போட்டு மூடிப் பத்து நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். பொடி என்றால் இறக்கிய பிறகு இரண்டு சிட்டிகை. காசியாதான் கையில் இருக்கிறதா? ஒரு அங்குலத் துண்டு, ஐந்து நிமிடம், எடுத்துவிடுங்கள்.

சர்க்கரை நோய்க்குத் தினமும் ஒரு ஸ்பூன் பட்டைப்பொடி சாப்பிடுகிறேன். எந்தப் பட்டை நல்லது?

சமையலைத் தாண்டிய கேள்வி, ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம்; நாள்தோறும் அளவு மீறினால் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும். கறுவாவில் அது மிகச் சொற்பம். 60 கிலோ எடையுள்ளவர் தினமும் எடுப்பதானால் காசியாப் பொடி 2 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது ஜெர்மன் அரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு. ஒரு தேக்கரண்டி அதையே தாண்டிவிடும். மருந்துக்குப் பதிலாக எடுக்கிறீர்கள் என்றால் மருத்துவரிடம் பேசுங்கள். என்றாவது சாப்பிடும் பிரியாணியில் மிதக்கும் துண்டுக்கு இந்தப் பயம் வேண்டாம். அதை எப்படியும் ஓரத்தில் ஒதுக்கித்தானே வைக்கிறோம்.