அரிஷ்டத்தில் ஆல்கஹால் இருக்கிறதா? யார் தவிர்க்க வேண்டும்?

கேள்வி: அப்பா குடியை விடுவதற்காக டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிடுகிறார். பசியே இல்லை. அரிஷ்டம் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்தைச் செய்ய, மூலிகைக் கஷாயத்தில் வெல்லமும் காட்டாத்திப் பூவும் போட்டு, பானையை மூடி வாரக்கணக்கில் ஊறவிடுவார்கள். ஈஸ்ட் வெல்லத்தைத் தின்று ஆல்கஹாலாக்கும். சாராயம் யாரும் ஊற்றுவதில்லை, ஆனாலும் பொதுவாக 5 முதல் 10 சதவீதம் வரை தானாகவே சேர்ந்துவிடும். பாட்டில் லேபிளிலேயே அந்த அளவு இருக்கும், பாருங்கள்.

8 சதவீத அரிஷ்டம் 30 மி.லி. என்றால் உள்ளே போவது சுமார் 2.4 மி.லி. ஆல்கஹால். தண்ணீர் கலந்தாலும் அது குறையாது. சாதாரண ஆளுக்கு இது சொற்பம். உங்கள் அப்பாவுக்கு அப்படியில்லை. அந்த மாத்திரை, ஆல்கஹால் உடைந்து வரும் அசிட்டால்டிஹைடை வெளியேறவிடாமல் தேக்கிவைக்கும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சட்டென இறங்கலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. அதற்குப் பிறகும் நான் கொடுக்கமாட்டேன். அந்தச் சுவையே குடி ஆசையைக் கிளப்பிவிடும்.

கல்லீரல் நோயாளிகள், கர்ப்பிணிகள், தூக்க மாத்திரை எடுப்பவர்களும் தவிர்க்க வேண்டும். அரிஷ்டத்தில் ஆல்கஹாலாகாமல் மீந்த வெல்லம் சர்க்கரை நோயாளிகளுக்கு ஆகாது.

பசிக்கு, ஆல்கஹால் சேராத சூரண வகை ஏதாவது ஒத்துவருமா என்று மாத்திரை கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள்.