கேஸ் டிஸ்கஷனில் நம் யோசனையை எழுதுவது எப்படி?

"அதிகாலை 5 மணிக்கு வயிற்றுவலி, வாந்தியோடு வந்தவருக்கு அசிடிட்டி ஊசி போட்டேன். 7 மணிக்கு இமை தொங்கியது. கட்டுவிரியன் கடி. பிழைத்துவிட்டார். எழுதிக் கொடுத்தால், 'நடந்தது இருக்கிறது, நீங்கள் யோசித்தது எங்கே?' என்கிறார் சார்."

டாக்டர், முடிவு தெரிந்த பிறகு எழுதியதால் வந்த சிக்கல் இது. 5 மணிக்கு உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து முதல் பத்தியை எழுதுங்கள். கடிவாய் இல்லை, வீக்கம் இல்லை, இரைப்பை அழற்சி என்று நினைத்தேன் என்று அப்படியே சொல்லுங்கள். கட்டுவிரியனின் பல் சிறியது; தூக்கத்தில் கடித்தால் தடமே தெரியாமல் போகலாம். தரையில் படுத்தாரா என்று எப்போது கேட்டீர்கள்? அந்த நேரத்தைக் குறியுங்கள். உங்கள் எண்ணம் திரும்பிய இடம் அதுதான்.

அடுத்தது, 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை. ரத்தம் உறைந்ததைப் பார்த்து நிம்மதி அடைந்தீர்களா? அதையும் மறைக்காமல் எழுதுங்கள். கட்டுவிரியன் நஞ்சு முக்கியமாக நரம்பைத் தாக்குவது. ரத்தம் உறைந்தது என்பதால் அந்தக் கடி இல்லை என்று ஆகாது.

விஷமுறிவு மருந்து கொடுத்த பிறகும் மூச்சு தளர்ந்திருந்தால், மருந்து போதவில்லையா, நரம்பு முனை ஏற்கெனவே சேதமாகிவிட்டதா என்ற குழப்பம் வந்திருக்கும். பெரும்பாலும் இரண்டாவதுதான். சேதமான முனையை மருந்து மீட்காது. அது தானாக ஆறும்வரை வென்டிலேட்டர்தான் காப்பாற்றும்.

கற்றது என்ற இடத்தில் "விழிப்பாக இருப்பேன்" வேண்டாம். "விடியற்காலை வயிற்றுவலி என்றால் எங்கே படுத்தார் என்று கேட்பேன், ஒரு நிமிடம் மேலே பார்க்கச் சொல்லி இமையைக் கவனிப்பேன், ஒரே மூச்சில் எத்தனை எண்ணுகிறார் என்று அரைமணிக்கொருமுறை குறிப்பேன்" என்று எழுதுங்கள்.