பேப்பர் ட்ரேடில் லாபம், நிஜக் கணக்கில் நட்டம்

"மூணு மாசம் பேப்பர் ட்ரேடில் லாபம். அதே முறையில் ரெண்டு வாரமா நிஜக் காசு போட்டால் நட்டம். எங்கே பிழை? - ஹட்டனிலிருந்து"

உங்கள் முறையை விட, பேப்பர் கணக்கு காட்டிய விலையில்தான் எனக்குச் சந்தேகம். பல பயிற்சிக் கணக்குகள், வாங்குபவர் தரத் தயாரான விலையான பிட், விற்பவர் கேட்கும் விலையான ஆஸ்க் இரண்டுக்கும் நடுவிலுள்ள விலையில் உடனே வாங்கித் தந்துவிடும், நிஜத்தில் அவசரமாக வாங்கினால் ஆஸ்க், விற்றால் பிட்.

ஒரு அமெரிக்க ஆப்ஷன், பிட் 1.10, ஆஸ்க் 1.30 டொலர் என்று வையுங்கள். பேப்பரில் 1.20க்கு வாங்குவீர்கள். பிறகு பிட் 1.25, ஆஸ்க் 1.45 ஆக ஏறினால் 1.35க்கு விற்று, ஒரு கான்ட்ராக்டுக்கு (100 பங்கு) 15 டொலர் லாபம். நிஜத்தில் 1.30க்கு வாங்கி 1.25க்கு விற்கிறீர்கள், 5 டொலர் நட்டம், கமிஷன் வேறு.

இதைச் செய்து பாருங்கள்: அடுத்த 20 பேப்பர் ட்ரேடிலும் அந்த நேரத்துப் பிட், ஆஸ்க் இரண்டையும் கொப்பியில் எழுதி, வாங்கியதை ஆஸ்கிலும் விற்றதைப் பிட்டிலும் போட்டுக் கணக்கெடுங்கள். லாபம் மறைந்தால் காரணம் இதுதான். நான் பண்டாரவளையில் இரவு ஏழு மணிக்கு, சந்தை திறந்தவுடனேயே வாங்கிக்கொண்டிருந்தேன், அந்த முதல் நிமிடங்களில்தான் பிட், ஆஸ்க் இடைவெளி மிக அகலம் என்பது இப்படி எழுதிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் ஒன்று, நடு விலையில் லிமிட் ஆர்டர் போட்டாலும் இந்தப் பிரச்சினை முழுதாகத் தீராது. விலை உங்களுக்குச் சாதகமாக ஏறும்போது ஆர்டர் நிறைவேறாமலே நிற்கும், இறங்கும்போது சட்டென்று நிறைவேறிவிடும். SPY போல இடைவெளி ஓரிரு சதமே உள்ளவற்றில்தான் நட்டம் என்றால் காரணம் வேறு, அந்த ட்ரேடுகளை இங்கே போடுங்கள், பார்ப்போம்.