கொசைன் பூஜ்யம் வந்தால் என்ன அர்த்தம்? – கேள்வி பதில்

வாக்கியங்களை வெக்டர்களாக மாற்றும் எம்பெடிங் வைத்துத் தேடல் செய்கிறவர்கள் சென்னையில் இப்போது நிறையப் பேர். மாடல் எது, சர்வர் எது என்பதெல்லாம் பேசியாகிவிட்டது. இரண்டு வெக்டரின் திசை எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கொசைன் எண்ணை எப்படிப் படிப்பது என்பதைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

தரமணியிலிருந்து ஒரு மாணவர்: சார், இரண்டு வாக்கியத்துக்கு கொசைன் 0.02 வந்தது. அப்படியென்றால் இரண்டும் நேர் எதிரான கருத்து என்றுதானே எடுத்துக்கொள்ள வேண்டும்?

இல்லை தம்பி. நேர் எதிர் என்பது −1. பூஜ்யம் என்றால் இரண்டு வெக்டரும் செங்குத்தாக நிற்கின்றன, அவ்வளவுதான். கையால் போட்டே பார்த்துவிடலாம். (3, 4) என்று ஒரு வெக்டர், நீளம் 5. அதற்கு (−3, −4) எதிர்த் திசை, கொசைன் −1. (6, 8) அதே திசை, நீளம் இரட்டிப்பு, ஆனாலும் கொசைன் 1. (4, 3) கொஞ்சம் விலகியது; 12 + 12 = 24, அதை நீளங்களின் பெருக்கமான 25-ஆல் வகுத்தால் 0.96. இப்போது (4, −3) எடுங்கள். 12 − 12, பூஜ்யம். முதல் வெக்டர் இருக்கும் திசையைப் பற்றி இது ஆதரவாகவும் எதுவும் சொல்லவில்லை, எதிராகவும் சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. கருத்து எதிராக இருக்கும் வாக்கியங்கள் பெரும்பாலும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வருவதே இல்லை. ‘கடை திறந்திருக்கிறது’, ‘கடை திறந்திருக்கவில்லை’ இரண்டையும் கொடுத்துப் பாருங்கள், உயர்ந்த எண்தான் வரும். இரண்டும் கடையைப் பற்றி, அது திறந்திருப்பதைப் பற்றிப் பேசுகின்றன. மாடல் பழகியது எது எதோடு சேர்ந்து வரும் என்பதைத்தான். ஆமா, இல்லை என்பதைப் பிரித்துச் சொல்ல இந்த எண்ணை நம்பக் கூடாது.

அம்பத்தூரிலிருந்து: எங்கள் டேட்டாபேஸில் மிகச் சரியாகப் பொருந்தும் பதிவுக்கு 0.08 காட்டுகிறது. சம்பந்தமே இல்லாததற்கு 0.9. மாடல் கெட்டுப்போய்விட்டதா?

மாடல் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் பார்ப்பது ஒற்றுமை இல்லை, தூரம். pgvector-இல் `<=>` போட்டால் வருவது கொசைன் தூரம், அதாவது 1 − கொசைன். `scipy.spatial.distance.cosine` தருவதும் அதுதான். அங்கே பூஜ்யம் என்றால் ஒரே திசை, 1 என்றால் செங்குத்து, 2 என்றால் எதிர். உங்கள் 0.08 உண்மையில் 0.92.

பெயரில் ‘cosine’ என்று இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கண்டுபிடிக்க ஒரே வழி போதும்: ஒரு வாக்கியத்தை அதே வாக்கியத்தோடு ஒப்பிடுங்கள். 1 வந்தால் ஒற்றுமை, 0 வந்தால் தூரம். 37 மாதிரி ஏதாவது வந்தால் நீளத்தால் வகுக்காத வெறும் புள்ளிப் பெருக்கல்.

வேளச்சேரியிலிருந்து: நாங்கள் multilingual-e5-base பயன்படுத்துகிறோம். ‘வேளச்சேரியில் மழைநீர் தேங்கி நிற்கிறது’, ‘கோயம்பேட்டில் தக்காளி விலை ஏறிவிட்டது’, இந்த இரண்டுக்கும் 0.78 வந்தது. 78 சதவீதம் ஒற்றுமையா? எனக்கு நம்பிக்கை வரவில்லை.

உங்கள் சந்தேகம் சரி. முதலில் சதவீதத்தை விட்டுவிடுங்கள், கொசைன் 0.5 என்றால் கோணம் 60 டிகிரி, ‘பாதி ஒற்றுமை’ என்று அதற்குப் பொருள் கிடையாது. அதைவிட முக்கியம், இந்த மாடலில் பூஜ்யமே பூஜ்யத்தில் இல்லை. இ5 மாடல்களைப் பயிற்றுவித்தபோது ஒற்றுமை எண்களை வகுக்க வைத்த டெம்பரேச்சர் 0.01, மிகக் குறைவு. அதனால் எண்கள் பெரும்பாலும் 0.7-க்கும் 1-க்கும் நடுவில் நெருக்கியடித்து விழும் என்று அதைச் செய்தவர்களே மாடல் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். எல்லா வெக்டரும் ஏறக்குறைய ஒரே பக்கம் சாய்ந்து நிற்கின்றன. சம்பந்தமில்லாத இரண்டுக்கே 0.7-க்கு மேல் வருவது அதனால்தான். 0.5-ஐ எல்லையாக வைத்தால் எதைத் தேடினாலும் எல்லாமே கிடைக்கும்.

ஆகவே உங்கள் தரை, அதாவது சம்பந்தமில்லாத ஜோடிகளுக்கு வழக்கமாக வரும் எண், எங்கே இருக்கிறது என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். `E` என்பது நீளம் 1 ஆக்கிய உங்கள் வெக்டர்கள்:

```python
import numpy as np
rng = np.random.default_rng(0)
i = rng.integers(0, len(E), 1000)
j = rng.integers(0, len(E), 1000)
s = (E[i] * E[j]).sum(axis=1)[i != j]
print(s.mean(), np.percentile(s, 99))
```

கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஜோடிகள் என்பதால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் உறவு இருக்காது. சராசரி 0.77 என்று வந்தால் உங்கள் 0.78 வெறும் தரைதான், மழைக்கும் தக்காளிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 99-ஆவது சதமானம் 0.85 என்று வந்தால் அதைத் தாண்டுகிற ஜோடிகளைத்தான் திறந்து படிக்க வேண்டும். ஒரே தெருவைப் பற்றி நூறு புகார்கள் இருக்கிற தொகுப்பாக இருந்தால் மட்டும் கொஞ்சம் கவனம், அங்கே கண்ணை மூடி எடுத்த ஜோடியும் உறவுள்ளதாக இருந்துவிடும்.

எண் பூஜ்யத்தை ஒட்டித்தான் வரவேண்டும் என்று விரும்பினால், எல்லா வெக்டரின் சராசரியைக் கணக்கிட்டு ஒவ்வொன்றிலிருந்தும் கழித்துவிட்டு மறுபடி நீளத்தை 1 ஆக்குங்கள். பொதுவான சாய்வு போய்விடும், தரை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கும். தேடும் வாக்கியத்திலிருந்தும் அதே சராசரியைக் கழிக்க வேண்டும், இதை மறந்துவிட்டால் எல்லாம் கோணலாகிவிடும். வரிசையும் லேசாக மாறக்கூடும்.

பெருங்குடியிலிருந்து ஒரு பொறியாளர்: ஒரு திருத்தம் சொல்லலாமா? 768 பரிமாணத்தில் எழுந்தமானமாக எடுத்த இரண்டு வெக்டரின் கொசைன் பூஜ்யத்தைச் சுற்றித்தான் இருக்கும், சிதறல் 1/√768, அதாவது 0.036. ஆகவே அதன் மூன்று மடங்கான 0.11-க்கு மேல் எது வந்தாலும் உறவு உண்டு என்று அர்த்தம். தரையைத் தனியாக அளக்கத் தேவையே இல்லை.

கணக்கு சரிதான், முடிவு சரியில்லை. நீங்கள் சொல்வது எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறிய வெக்டர்களுக்குப் பொருந்தும். எம்பெடிங்குகள் அப்படிச் சிதறுவதில்லை, மேலே பார்த்த மாதிரி ஒரு பக்கம் குவிந்து கிடக்கின்றன. ஆனால் உங்கள் 0.036 வேறு ஒன்றுக்கு உதவும்: தரை பூஜ்யத்தில் இருக்கிற மாடலில் 0.02-க்கும் −0.03-க்கும் நடுவே வித்தியாசம் தேடி உட்காரக் கூடாது. கழித்தல் குறி வந்துவிட்டதே, எதிர்ப்பு இருக்கிறதே என்று கதை கட்ட அதில் இடமில்லை. தரமணித் தம்பியும் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

மயிலாப்பூரிலிருந்து: நான் ஒரு சின்ன நூலகத்தின் அட்டவணைக்குச் செய்கிறேன் சார். சில புத்தகங்களுக்கு எதோடு ஒப்பிட்டாலும் துல்லியமாக 0.0 வருகிறது. அவை தனித்துவமான புத்தகங்களா?

அம்மா, 0.03 என்றால் நம்பலாம், துல்லியமான 0.0 என்றால் சந்தேகப்படுங்கள். குறிப்பு காலியாக இருந்து, முழுக்கப் பூஜ்யமான வெக்டர் உள்ளே போயிருக்க வாய்ப்பு அதிகம். அதற்குத் திசையே கிடையாது, கோணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் scikit-learn-இன் `cosine_similarity` புகார் எதுவும் சொல்லாமல் 0.0 கொடுத்துவிடும். `np.linalg.norm` வைத்து நீளம் பூஜ்யமாக உள்ள பதிவுகளை முதலில் பிரித்தெடுங்கள்.

அதே வேளச்சேரிக்காரர்: எங்களுக்கு வரும் புகாரில் பாதி தமிழ் எழுத்திலும் பாதி ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழிலும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே எல்லை போதுமா?

மேலே உள்ள நிரலை மூன்று முறை ஓட்டுங்கள்: தமிழ் எழுத்து ஜோடிகளுக்கு, ஆங்கில எழுத்து ஜோடிகளுக்கு, கலந்த ஜோடிகளுக்கு. மூன்று சராசரியும் ஒன்றாக இருந்தால் ஒரே எல்லை போதும். கலந்தது மட்டும் கீழே இறங்கினால், ஒரே புகாரை இரண்டு விதமாக எழுதியவர்கள் சத்தமில்லாமல் தவறிப்போவார்கள். அப்போது தனி எல்லை வைப்பதா, எழுத்தை முன்பே மாற்றிவிடுவதா என்பது ஐம்பது ஜோடியைக் கையால் படித்துப் பார்த்த பிறகு பேச வேண்டியது. எண்களை எடுத்துக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம்.